டிவிடெண்ட் எவ்வளவு, யீல்டு எவ்வளவு: பங்கில் போட்ட பணம் தரும் வருமானத்தைக் கணக்கிடுவது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

“1750% டிவிடெண்ட்னு செய்தியில போட்டிருக்காங்க. லட்ச ரூபாய் போட்டா பதினேழு லட்சம் வருமா?”

வராது. 175 ரூபாய் வரும்.

இது உண்மைக் கணக்குதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்ஆர்எஃப் நிறுவனம் 2022-23 நிதியாண்டுக்கு இரண்டு முறை தலா 3 ரூபாய் இடைக்கால டிவிடெண்ட் கொடுத்தது, ஆண்டு முடிந்தபின் 169 ரூபாய் இறுதி டிவிடெண்ட் கொடுத்தது. கூட்டினால் ஒரு பங்குக்கு 175 ரூபாய். அந்தப் பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். பத்து ரூபாய்க்கு 175 ரூபாய் என்றால் 1750 சதவீதம். சதவீதத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதே பங்கு 2023 ஜூன் மாதம் சந்தையில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் ஒரு பங்கு வாங்கியவரின் பார்வையில், லட்ச ரூபாய்க்கு 175 ரூபாய் என்பது 0.175 சதவீதம்.

முகமதிப்பு என்பது நிறுவனம் தன் மூலதனக் கணக்கில் ஒரு பங்குக்குப் போட்டு வைத்திருக்கும் எண். 10 ரூபாய், 5 ரூபாய், 2 ரூபாய், 1 ரூபாய் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பங்கு சந்தையில் எந்த விலைக்குப் போனாலும் இந்த எண் நகராது. டிவிடெண்டை இதன் சதவீதமாக அறிவிப்பது பழைய பழக்கம். எனவே அறிவிப்பில் சதவீதம் வந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, ‘ஒரு பங்குக்கு எத்தனை ரூபாய்’ என்ற வரியைத் தேடுங்கள். பங்குச்சந்தைக்கு நிறுவனம் அனுப்பும் அறிவிப்பில் அந்த வரி இருக்கும்.

“சரி, நான் வாங்கற விலைக்கு எத்தனை பர்சன்ட் கிடைக்குதுன்னு எப்படிக் கணக்குப் போடறது? ஒரு உதாரணத்தோட சொல்லுங்க.”

கற்பனையாக ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் சில கேள்விகளுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். முகமதிப்பு 2 ரூபாய், ஆண்டு டிவிடெண்ட் 450 சதவீதம், சந்தை விலை 360 ரூபாய். நீங்கள் 300 பங்குகள் வாங்குகிறீர்கள்.

முதலில் சதவீதத்தை ரூபாயாக்க வேண்டும். 2 ரூபாயில் 450 சதவீதம் என்றால் 9 ரூபாய். 300 பங்குகளுக்கு ஆண்டு வருமானம் 2,700 ரூபாய். நீங்கள் போட்ட பணம் 300 × 360, அதாவது 1,08,000 ரூபாய். 2,700-ஐ 1,08,000-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 2.5 சதவீதம். இதுதான் டிவிடெண்ட் யீல்டு. ஒரு பங்கை வைத்தே போட்டாலும் அதே விடைதான்:

```
யீல்டு (%) = ஒரு பங்குக்கு ஓராண்டு டிவிடெண்ட் ÷ சந்தை விலை × 100
           = 9 ÷ 360 × 100 = 2.5
```

எத்தனை பங்கு வாங்கினாலும் இந்தச் சதவீதம் மாறாது. விலை மாறினால் மாறும். அதே 9 ரூபாய் டிவிடெண்ட் இருக்க, பங்கு 450 ரூபாய்க்கு ஏறினால் யீல்டு 2 சதவீதமாகக் குறையும். 300 ரூபாய்க்கு இறங்கினால் 3 சதவீதமாக உயரும். நிறுவனம் ஒரு பைசா கூடக் கூட்டிக் கொடுக்காமலே யீல்டு உயர முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் வேதாந்தா நிறுவனத்தின் கதையில் இது வரும்.

புரோக்கரேஜ், பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைக் கட்டணம் எல்லாம் சேர்த்து வாங்கும்போது 150 ரூபாய் கூடுதலாகப் போனது என்றால், போட்ட பணம் 1,08,150 ரூபாய். யீல்டு 2.5-க்கு ஒரு நூலிழை குறையும். பல ஆண்டுகள் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. அடிக்கடி வாங்கி விற்பவருக்குப் பெரிய விஷயம்.

“என் பையனுக்கு வணிகக் கணிதத்துல இந்தக் கணக்கு வருது. ‘120 ரூபாய் விலையில் 9% பங்கு, 150 ரூபாய் விலையில் 12% பங்கு, எது லாபம்?’ விலை கம்மியா இருக்கறதுதானே லாபம்?”

இந்த வகைக் கணக்குகளில் முகமதிப்பு சொல்லப்படாவிட்டால் 100 ரூபாய் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 9% பங்கு என்றால் ஆண்டுக்கு 9 ரூபாய், 12% பங்கு என்றால் 12 ரூபாய். 9-ஐ 120-ஆல் வகுத்தால் 7.5 சதவீதம், 12-ஐ 150-ஆல் வகுத்தால் 8 சதவீதம். விலை அதிகமாக இருந்தாலும் இரண்டாவதில்தான் வருமானம் கூடுதல்.

தேர்வில் இதையே திருப்பியும் கேட்பார்கள்: முதல் பங்கில் 300 வைத்திருப்பவர் அதை விற்று இரண்டாவதை வாங்கினால் வருமானம் எவ்வளவு மாறும்? 300 பங்கை 120-க்கு விற்றால் 36,000 ரூபாய். அதற்கு 150 ரூபாய்ப் பங்கு 240 கிடைக்கும். பழைய வருமானம் 2,700, புதிய வருமானம் 2,880, கூடுதல் 180 ரூபாய்.

தரகு அரை சதவீதம் என்று சேர்த்துவிட்டால்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். விற்கும்போது தரகைக் கழிக்க வேண்டும், வாங்கும்போது கூட்ட வேண்டும். கேள்வியில் வேறாகச் சொல்லாவிட்டால் தரகு சந்தை விலையின் மேல்தான். விற்பனையில் ஒரு பங்குக்கு 119.40 வீதம் 35,820 ரூபாய் கையில் வரும். வாங்க ஒரு பங்குக்கு 150.75 ஆகும். 237 முழுப் பங்குகள் வாங்கலாம், சில்லறை மிஞ்சும். வருமானம் 2,844 ரூபாய். 180 ரூபாயாகத் தெரிந்த லாபம் தரகுக்குப் பிறகு 144 ரூபாய்.

“ஆப்ல ‘டிவிடெண்ட் யீல்டு 30 சதவீதத்துக்கு மேல’ன்னு ஒரு பங்கு வந்துச்சு. பேங்க்ல ஏழு பர்சன்ட் வாங்கறதுக்கு அதை வாங்கிப் போடலாமே?”

ஆப் காட்டும் எண் பெரும்பாலும் கடந்த பன்னிரண்டு மாதங்களில் கொடுத்த டிவிடெண்டைக் கூட்டி, இன்றைய விலையால் வகுத்தது. மேலே இருப்பது நடந்து முடிந்தது, கீழே இருப்பது இன்றையது. வரப்போகும் பன்னிரண்டு மாதங்களைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை.

வேதாந்தா நிறுவனத்தின் 2022-23ஐப் பாருங்கள். அந்த நிதியாண்டுக்கு ஐந்து இடைக்கால டிவிடெண்ட் அறிவித்தார்கள்: 31.50, 19.50, 17.50, 12.50, 20.50. மொத்தம் ஒரு பங்குக்கு 101.50 ரூபாய். ஐந்தாவது டிவிடெண்டும் போன பிறகு, 2023 ஏப்ரல் நடுவில் பங்கு சுமார் 275 ரூபாயில் இருந்தது. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 37 சதவீதம். அதைப் பார்த்து வாங்கியவர்களுக்கு அடுத்த நிதியாண்டில் கிடைத்தது 18.50, 11 என்று இரண்டு தவணை, மொத்தம் 29.50 ரூபாய். 275 ரூபாய்க்கு அது 10.7 சதவீதம். மோசமில்லை, ஆனால் 37 இல்லை.

ஓராண்டு முன்பே வாங்கி வைத்திருந்தவரின் கணக்கு இன்னும் கசப்பானது. 2022 மார்ச் இறுதியில் அந்தப் பங்கு சுமார் 400 ரூபாய். டிவிடெண்டாக 101.50 வந்தது, விலையில் 125 ரூபாய் போனது. நாட்டிலேயே மிகப் பெரிய டிவிடெண்டுகளில் ஒன்றை வாங்கியும், வரிக்கு முன்பே ஒரு பங்குக்கு இருபத்து சொச்சம் ரூபாய் நட்டம். 2024-ல் விலை மீண்டும் 400-ஐத் தாண்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறுத்திருந்தவர் தப்பித்தார். ஆனால் அவரைக் காப்பாற்றியது விலை ஏற்றம், யீல்டு இல்லை.

ஏன் அவ்வளவு கொடுத்தார்கள்? அப்போது அந்த நிறுவனத்தில் சுமார் 70 சதவீதப் பங்கு தாய் நிறுவனக் குழுமத்திடம் இருந்தது. தாய் நிறுவனத்துக்குக் கடன் சுமை அதிகம், அதைக் கட்டப் பணம் வேண்டும். டிவிடெண்ட் கொடுத்தால் பத்தில் ஏழு ரூபாய் தாய் நிறுவனத்துக்குப் போகும், மீதி நமக்கு. பெரிய டிவிடெண்டைப் பார்த்தவுடன் ‘யாருக்குப் பணம் தேவைப்பட்டது?’ என்று கேட்பது நல்ல பழக்கம்.

“அப்போ ஒரு யீல்டு நிலைக்குமா நிலைக்காதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் பொய்யான எண்ணைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களில் பார்த்தால் போதும்.

முதலில், கடந்த ஐந்தாறு ஆண்டு டிவிடெண்டை ரூபாயில் வரிசையாக எழுதுங்கள். ஓர் ஆண்டு மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், அதில் சிறப்பு டிவிடெண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் ஒரு தொழிற்பிரிவையோ நிலத்தையோ விற்று, வந்த பணத்தை ஒரு முறை பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கலாம். அந்தத் தொகையைக் கழித்துவிட்டு யீல்டைப் போடுங்கள். விற்ற நிலத்தை அடுத்த ஆண்டும் விற்க முடியாது.

எழுதும்போதே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடையில் பங்குப் பிரிப்போ இலவச போனஸ் பங்கு வழங்கலோ நடந்திருந்தால் பழைய எண்களை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். நெஸ்லே இந்தியா 2024 ஜனவரியில் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கு ஒன்றை 1 ரூபாய்ப் பங்கு பத்தாகப் பிரித்தது. பிரிப்புக்கு முன் கொடுத்த டிவிடெண்டைப் பத்தால் வகுக்காமல் இன்றைய விலையோடு ஒப்பிட்டால், யீல்டு பத்து மடங்காகத் தெரியும். சில இணையதளங்களில் பிரிப்பு முடிந்த சில வாரங்களுக்கு இப்படிக் கோளாறான எண் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு பங்கின் யீல்டு திடீரென்று கண்ணைப் பறித்தால் முதல் சந்தேகம் இதுவாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, ஒரு பங்குக்கான லாபத்தில் எவ்வளவு டிவிடெண்டாகப் போகிறது என்பது. நம் உதாரணப் பங்கு ஆண்டுக்கு ஒரு பங்குக்கு 20 ரூபாய் சம்பாதித்து 9 ரூபாய் கொடுத்தால், 45 சதவீதம் கொடுக்கிறது. லாபம் 15 ரூபாய்க்கு இறங்கினாலும் 9 ரூபாயைத் தாங்கும். 10 ரூபாய் சம்பாதித்து 9 கொடுக்கும் நிறுவனம், லாபம் சற்றுத் தளர்ந்தால் டிவிடெண்டைக் குறைக்க வேண்டியிருக்கும். சம்பாதிப்பதற்கு மேலேயே கொடுக்கிறது என்றால் பழைய சேமிப்பையோ கடனையோ எடுத்துக் கொடுக்கிறது. ஆனால் இந்த அளவுகோலை எல்லாருக்கும் ஒரே மாதிரி பிடிக்கக் கூடாது. புதிதாக ஆலை கட்டத் தேவையில்லாத மென்பொருள் நிறுவனம் லாபத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டுச் சுகமாக இருக்கும். உலோகம், நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களில் லாபமே ஏறி இறங்கும், விலை உச்சத்தில் இருந்த ஆண்டின் டிவிடெண்டை வைத்து யீல்டு போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மூன்றாவது, விலை. யீல்டு உயர்ந்தது டிவிடெண்ட் கூடியதாலா, விலை சரிந்ததாலா? விலை சரிந்திருந்தால் சந்தை ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறது. பல நேரம் அது டிவிடெண்ட் குறையப்போகிறது என்பதாகவே இருக்கும். சந்தையின் எதிர்பார்ப்பு தவறாகவும் போகலாம், ஆனால் காரணம் என்னவென்று தெரியாமல் அதற்கு எதிராக வாங்கக் கூடாது.

பொதுத்துறை நிறுவனங்களுக்கு ஒரு தனி விஷயம் உண்டு. லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்ச டிவிடெண்டாகக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசு 2024 நவம்பரில் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல். கோல் இந்தியா போன்ற பங்குகளின் யீல்டு தனியார் நிறுவனங்களைவிட உயர்ந்து நிற்பதற்கு, பெரும்பங்குதாரரான அரசுக்கும் வரவு தேவைப்படுவது ஒரு காரணம்.

“டிவிடெண்ட் குடுக்கற தேதிக்கு முதல் நாள் வாங்கி, அடுத்த நாள் வித்துட்டா சும்மா பணம் வருமே சார்? எல்லாரும் ஏன் இதைச் செய்யறதில்ல?”

நிறையப் பேர் செய்து பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள்.

தேதிகளை முதலில் பார்த்துவிடுவோம். டிவிடெண்ட் யாருக்கு என்று முடிவு செய்ய நிறுவனம் ஒரு ரெக்கார்டு தேதியை அறிவிக்கும். அன்றைய தினம் முடியும்போது டிமேட் கணக்கில் யாரிடம் பங்கு இருக்கிறதோ அவருக்கு டிவிடெண்ட். 2023 ஜனவரி இறுதியிலிருந்து இந்தியச் சந்தையில் எல்லாப் பங்குகளும் வாங்கிய மறு வேலைநாளில் கணக்குக்கு வந்துவிடுகின்றன. அதனால் ரெக்கார்டு தேதிக்கு முந்தைய வேலைநாளுக்குள் வாங்கியாக வேண்டும். ரெக்கார்டு தேதியன்று வாங்கினால் பங்கு மறுநாள்தான் வரும், டிவிடெண்ட் விற்றவருக்கே. இப்படி டிவிடெண்ட் உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாளை எக்ஸ் தேதி என்பார்கள். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே நாள். ரெக்கார்டு தேதி வெள்ளிக்கிழமை என்றால் வியாழக்கிழமைதான் கடைசி. நடுவில் சந்தை விடுமுறை வந்தால் அதற்கும் முன்னால் போக வேண்டும்.

இப்போது நம் பங்கு. ஆண்டு டிவிடெண்ட் 9 ரூபாயில் 3 ரூபாய் இடைக்காலமாகப் போய்விட்டது, மீதி 6 ரூபாய் இறுதி டிவிடெண்ட் என்று வைத்துக்கொள்வோம். வியாழனன்று 360 ரூபாயில் 300 பங்குகள் வாங்குகிறீர்கள். வெள்ளிக்கிழமை காலை அதே பங்கை வாங்குபவருக்கு அந்த 6 ரூபாய் கிடையாது. அவர் ஏன் 360 கொடுப்பார்? வேறு செய்தி எதுவும் இல்லாவிட்டால் பங்கு 354-ஐ ஒட்டித் தொடங்கும். உங்களுக்கு டிவிடெண்ட் 1,800 ரூபாய், விலையில் நட்டம் 1,800 ரூபாய்.

சரிக்குச் சரி என்று நினைக்க வேண்டாம். டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். 30 சதவீத வரம்பில் இருப்பவர் செஸ் சேர்த்து 1,800-க்கு 561 ரூபாய் சொச்சம் கட்டுவார். 1,800 நட்டத்தை டிவிடெண்டுக்கு எதிராகக் கழிக்க முடியாது, பங்கு விற்ற லாபம் போன்ற மூலதன லாபத்துக்கு எதிராக மட்டுமே கழிக்கலாம். அப்படிக் கழிக்கக் குறுகிய கால லாபம் இருந்தாலும் 20 சதவீத வரிதான் மிச்சமாகும், செஸ்ஸோடு 374 ரூபாய். வாங்குவதிலும் விற்பதிலும் தலா 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி, சுமார் 214 ரூபாய். புரோக்கரேஜ் தனி. ஒரு நாள் உழைப்புக்கு, எல்லாம் சாதகமாக நடந்தாலும் 400 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும்.

ஒன்றிரண்டு சதவீதத்துக்கும் குறைவான டிவிடெண்டில் இந்த இறக்கம் கண்ணுக்கே தெரியாது, அன்றைய சந்தையின் ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடும். 10 ரூபாய் டிவிடெண்ட் போன அன்று பங்கு 5 ரூபாய் ஏறியும் இருக்கலாம். அதைப் பார்த்து ‘விலை இறங்கவில்லையே’ என்பவர்கள் உண்டு. டிவிடெண்ட் இல்லாவிட்டால் 15 ரூபாய் ஏறியிருக்கும் என்பதுதான் அங்கே நடந்தது. ஏற்கெனவே பங்கு வைத்திருந்து விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டிருப்பவர்கள் பெரிய டிவிடெண்டின் எக்ஸ் தேதிக்கு முன் அதைச் சற்று இறக்கி வைப்பது நல்லது. டிவிடெண்டால் இறங்கிய விலையில் ஆர்டர் தானாக நிறைவேறிவிடும்.

எக்ஸ் தேதியன்று விற்றாலும் டிவிடெண்ட் உங்களுக்கு வரும். விற்றுவிட்டதால் போய்விடுமோ என்று பலர் கேட்கிறார்கள், போகாது.

“அப்பா 60 ரூபாய்க்கு வாங்கி வச்ச பங்கு இப்போ 400. டிவிடெண்ட் 14 ரூபாய் வருது. எங்களுக்கு யீல்டு 23 பர்சன்டா, மூணரை பர்சன்டா?”

இரண்டும் சரி, ஆனால் பதில் சொல்லும் கேள்விகள் வேறு. 14-ஐ 60-ஆல் வகுத்த 23.3 சதவீதம், அப்பா அன்று எடுத்த முடிவு எவ்வளவு நல்லது என்று சொல்கிறது. 14-ஐ 400-ஆல் வகுத்த 3.5 சதவீதம், இன்று அந்தப் பணம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று சொல்கிறது. எண்பதுகளில் ஒரு லட்சத்துக்கு வாங்கிய வீடு இன்று மாதம் இருபதாயிரம் வாடகை தந்தால் ‘இருநூற்று நாற்பது சதவீத வருமானம்’ என்று யாரும் சொல்வதில்லை அல்லவா, வீட்டின் இன்றைய விலையோடுதான் வாடகையை ஒப்பிடுகிறோம்.

வைத்திருப்பதா விற்பதா என்று முடிவெடுக்க 3.5 சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும். இதே 400 ரூபாயை வேறு எங்கே போட்டால் என்ன வரும் என்பதே உங்கள் முன் இருக்கும் தேர்வு. ‘23 சதவீதம் தரும் பங்கை யாராவது விற்பார்களா’ என்ற பெருமையில், தேங்கிப்போன நிறுவனங்களைப் பத்தாண்டுகள் கட்டிக்கொண்டு அழுத குடும்பங்கள் எத்தனையோ. விற்றால் லாபத்துக்கு வரி உண்டு, விற்றபின் கையில் நிற்கும் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

“டிவிடெண்டுக்கு வரி கிடையாதுன்னு மாமா சொல்றார். ஆனா எனக்குப் பிடிச்சுட்டுத்தான் வருது?”

மாமா சொல்வது பழைய நடைமுறை. முன்பு நிறுவனமே டிவிடெண்ட் பகிர்வு வரியைக் கட்டிவிட்டு மீதியைக் கொடுக்கும், சாதாரண முதலீட்டாளர் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் அந்த வரி எடுக்கப்பட்டது. இப்போது டிவிடெண்ட் முழுதும் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரம்புக்குரிய விகிதத்தில் வரி.

ஒரே நிறுவனத்திலிருந்து ஒரு நிதியாண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால் அந்த நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். 2025 மார்ச் வரை இந்த எல்லை 5,000 ரூபாயாக இருந்தது. டிடிஎஸ் பிடித்துவிட்டதால் வரி முடிந்தது என்று பொருளில்லை, பிடிக்காததால் வரி இல்லை என்றும் பொருளில்லை. கணக்குத் தாக்கல் செய்யும்போது முழு டிவிடெண்டையும் காட்ட வேண்டும். வங்கிக்கு வந்த தொகையை அல்ல, பிடிப்பதற்கு முந்தைய தொகையை.

30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு நம் பங்கின் 2.5 சதவீத யீல்டு, செஸ்ஸும் போனபின் 1.72 சதவீதம். வருமானம் குறைவாக இருந்து வரியே வராதவருக்கு முழு 2.5. ஒரே பங்கு, இரண்டு பேருக்கு இரண்டு யீல்டு. பணி ஓய்வு பெற்ற, வேறு வருமானம் அதிகமில்லாத ஒருவருக்கு டிவிடெண்ட் பங்குகள் பொருந்துவதும், அதிகச் சம்பளம் வாங்கும் மகனுக்கு அதே பங்கு அவ்வளவு பொருந்தாததும் இதனால்தான்.

“டிவிடெண்டும் வந்துச்சு, விலையும் ஏறிச்சு. மொத்தமா வருஷத்துக்கு எத்தனை பர்சன்ட் சம்பாதிச்சேன்னு எப்படிப் பாக்கறது?”

தேதியையும் தொகையையும் எக்செல் தாளில் இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள். கையை விட்டுப் போன பணம் கழித்தல் குறியோடு, வந்த பணம் அப்படியே. நம் பங்கை 2022 ஜூலையில் 1,08,000 ரூபாய்க்கு வாங்கினீர்கள். ஒவ்வொரு ஜூலையிலும் டிவிடெண்ட் 2,700, 3,000, 3,300 என்று வந்தது. மூன்றாவது டிவிடெண்டோடு, 410 ரூபாய் விலையில் 1,23,000-க்கு விற்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசி வரியில் 3,300-உம் 1,23,000-உம் சேர்ந்து 1,26,300. காலியான ஒரு கட்டத்தில் கீழே உள்ள XIRR சூத்திரத்தைப் போட்டால் ஆண்டு வருமான விகிதம் வரும்.

```
      A            B
1  01-07-2022   -108000
2  01-07-2023      2700
3  01-07-2024      3000
4  01-07-2025    126300

=XIRR(B1:B4,A1:A4)
```

விடை சுமார் 7.1 சதவீதம். விலை ஏற்றத்தை மட்டும் எடுத்தால் ஆண்டுக்கு 4.4 சதவீதம்தான். மீதி டிவிடெண்டின் பங்கு. விற்காமல் வைத்திருந்தால் கடைசி வரியில் இன்றைய தேதியையும் இன்றைய சந்தை மதிப்பையும் போடலாம். விடை பிழையாக வந்தால் முதல் தொகைக்குக் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும், அல்லது தேதி என்று நீங்கள் நினைப்பதை எக்செல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கும்.

இந்த 7.1-ஐ நிஃப்டியோடு ஒப்பிட விரும்பினால், செய்தியில் வரும் நிஃப்டி 50 எண்ணை எடுக்காதீர்கள். அதில் டிவிடெண்ட் சேராது. டிவிடெண்டை மறுமுதலீடு செய்ததாகக் கணக்கிடும் மொத்த வருமானக் குறியீடு தனியாக உண்டு, நிஃப்டி 50 டிஆர்ஐ என்ற பெயரில் தேசியப் பங்குச்சந்தையின் தளத்தில் கிடைக்கும். மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் செயல்பாட்டை இதோடுதான் ஒப்பிட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியது. நம் தாளுக்கும் அந்த நியாயம் வேண்டும்.

“ரெக்கார்டு தேதிக்கு முன்னாடியே வாங்கியிருந்தேன். இன்னும் பணம் வரலை. புரோக்கர் ஆப்லயும் காணோம்.”

ஆப்பில் வராது. டிவிடெண்ட் உங்கள் டிமேட் கணக்கோடு இணைத்த வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும், புரோக்கர் கணக்குக்கு அல்ல. ரெக்கார்டு தேதிக்கும் பணம் வரும் நாளுக்கும் இடைவெளி உண்டு. இறுதி டிவிடெண்டை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அதன்பின் 30 நாட்களுக்குள் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். கூட்டத்துக்கு முன்பே ரெக்கார்டு தேதி வந்துபோயிருந்தால் காத்திருப்பு நீளும்.

அந்தக் கெடுவும் தாண்டியிருந்தால், டிமேட் கணக்கில் பழைய வங்கி விவரம் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்கிகள் இணைந்தபோது மாறிய ஐஎஃப்எஸ்சி குறியீடு, மூடிய கணக்கு, இவைதான் வழக்கமான காரணம். அதைத் திருத்திவிட்டு, நிறுவனத்தின் பங்குதாரர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பதிவாளருக்குப் பங்கின் பெயர், டிமேட் எண், ரத்து செய்த காசோலை இவற்றோடு மின்னஞ்சல் அனுப்பினால் பணத்தை மறுபடி அனுப்புவார்கள். பதிவாளர் யார் என்பது நிறுவனத்தின் இணையதளத்தில் முதலீட்டாளர் பக்கத்தில் இருக்கும்.

தள்ளிப்போட வேண்டாம். கேட்காமல் கிடக்கும் டிவிடெண்டை நிறுவனம் தனி வங்கிக் கணக்கில் ஏழு ஆண்டுகள் வைத்திருக்கும், அதன்பின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றிவிடும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் கேட்கப்படாமல் இருந்தால் பங்குகளே அங்கே போய்விடும். திரும்பப் பெறலாம், IEPF-5 என்ற படிவம் உண்டு. ஆனால் நிறுவனத்தின் சரிபார்ப்பு, ஆவணங்கள் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அப்பாவோ தாத்தாவோ காகிதச் சான்றிதழாக வைத்துவிட்டுப் போன பழைய பங்குகள் வீட்டில் இருந்தால், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் கோரப்படாத டிவிடெண்ட் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பட்டியலில் பெயரோடு ஃபோலியோ எண்ணும் இருக்கும், சான்றிதழில் அச்சிட்ட எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும்.